பாலிசி பணம் மகள் பெயருக்கு... 18 வயது வரை அதை வாங்கப்போவது யார்?

பெரம்பூர் லோகோ, கேரேஜ், ஐ.சி.எஃப். என்று ரயிலைச் சுற்றியே வாழ்க்கை ஓடும் பகுதி அது. அங்கே பெரும்பாலான வீடுகளின் பீரோவில் ஓர் எல்.ஐ.சி. பாண்டு இருக்கும். மாதம் பிறந்தால் பிரீமியம் போய்விடும். ஆனால், பாலிசி எடுத்த அன்று நாமினி என்ற இடத்தில் எழுதிய பெயரை மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காகச் சொல்லும் உதாரணம்தான். அவருக்கு வயது 42. ஐ.சி.எஃப்-பில் டெக்னீஷியன். 2014-ல் 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு பாலிசி எடுத்தார். நாமினி, மனைவி. இரண்டு வருடங்களுக்கு முன்பு மனைவி நோயில் இறந்துவிட்டார். மகளுக்கு இப்போது 9 வயது. வீட்டில் 72 வயது அம்மா இருக்கிறார். 36 வயதுத் தங்கை திருமணமாகி வில்லிவாக்கத்தில் இருக்கிறார்.

மகள் பெயரை நாமினியாக மாற்ற வேண்டும் என்று அவர் கிளம்பும்போது முகவர் ஒரு கேள்வி கேட்கிறார்.

"பாப்பா மைனர் சார். அப்பாயின்டியா யாரைப் போடறீங்க?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

அப்பாயின்டி என்றால் யார்?

18 வயது நிரம்பாத குழந்தையை நாமினியாகப் போடலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால், அந்தக் குழந்தை கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்க முடியாது. "பணம் பெற்றுக்கொண்டோம், இனி எங்களுக்குப் பாக்கி இல்லை" என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க ஒரு மேஜர் வேண்டும். அந்த மேஜர்தான் அப்பாயின்டி.

1938-ம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 39-வது பிரிவு இதைச் சொல்கிறது. நாமினி மைனராக இருக்கும் காலத்தில் பாலிசிதாரர் இறந்துவிட்டால், அந்தப் பணத்தைப் பெற ஒருவரை நியமிக்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. எந்த முறையில் நியமிப்பது என்பதைக் காப்பீட்டு நிறுவனம் வகுத்துத் தரும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அப்பாயின்டிக்கு வேலை வருவது பாலிசிதாரர் இறந்தால் மட்டும்தான். அதுவும் அப்போது குழந்தை மைனராக இருந்தால் மட்டும்தான். நம் உதாரணத்தில் மகளுக்கு 18 வயது நிரம்பிவிட்டால், அப்பாயின்டியின் பங்கு தானாகவே முடிந்துவிடும். யாருக்கும் கடிதம் எழுதி ரத்துசெய்ய வேண்டியதில்லை. பாலிசி முதிர்வடையும்போது தந்தை உயிரோடு இருந்தால் பணம் அவருக்கே வரும். அங்கும் அப்பாயின்டிக்கு வேலை இல்லை.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்?

மனைவி பெயரை அப்படியே விட்டுவிட்டு அந்தத் தந்தை இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாமினி, பாலிசிதாரருக்கு முன்பே இறந்துவிட்டார். அதனால், பணம் பாலிசிதாரரின் சட்டபூர்வ வாரிசுகளுக்குப் போகும்.

'ஒரே மகள்தானே, அவளுக்குத்தானே வரும்' என்று நினைப்பது இயல்பு. ஆனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். இங்கே மனைவி இல்லை. இருப்பவர்கள் மகளும் தாயும். ஆக, 10 லட்சத்தில் 5 லட்சம் மகளுக்கு, 5 லட்சம் பாட்டிக்கு. பாட்டி பாசமாக இருப்பார் என்பது வேறு விஷயம். அந்த 5 லட்சம் அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியக்கூடிய பணமாக மாறிவிடுகிறது.

அதோடு முடியவில்லை. நாமினி இல்லாத பாலிசி என்பதால் காப்பீட்டு நிறுவனம் வாரிசு யார் என்பதற்கு ஆதாரம் கேட்கும். மகளின் பங்கை வாங்க ஒரு காப்பாளர் வேண்டும். தாயும் தந்தையும் இல்லாத குழந்தைக்கு அத்தையோ பாட்டியோ தானாகச் சட்டபூர்வ காப்பாளர் ஆகிவிட முடியாது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்கும் நிலை வரலாம். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில், பணம் இருந்தும் கைக்கு வராது.

ஒரு படிவமும் ஒரு கடிதமும் இந்தச் சுற்றை மிச்சப்படுத்தும்.

பாட்டியா, அத்தையா?

நம் உதாரணத்தில் அவருக்கு முதலில் தோன்றியது அம்மாவின் பெயர்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்வதே பாட்டிதான். ஆனால், கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மகளுக்கு 18 ஆக இன்னும் 9 வருடங்கள். அப்போது பாட்டிக்கு 81. இடையில் பாட்டி தவறிவிட்டால் அப்பாயின்டி இடம் காலியாகிவிடும். 36 வயதுத் தங்கைக்கு அப்போது 45. அந்த ஒரு காரணத்துக்காகவே தங்கை பொருத்தமானவர்.

வயது மட்டும் போதாது. அப்பாயின்டி மேஜராக இருக்க வேண்டும், சம்மதிக்க வேண்டும், அவர் பெயரில் இயங்கும் வங்கிக் கணக்கும் அடையாள ஆவணங்களும் இருக்க வேண்டும். கடனில் தத்தளிப்பவரையோ, குழந்தையின் மற்ற சொத்தில் தனக்கும் பங்கு கேட்டு நிற்பவரையோ போடாமல் இருப்பது நல்லது.

குழந்தையின் தாய் உயிரோடு இருக்கும் குடும்பங்களில் பெரும்பாலும் தாயைப் போடுவதே எளிது. தந்தைக்குப் பிறகு தாய்தான் இயற்கைக் காப்பாளர். காப்பீட்டு நிறுவனத்திலும் வங்கியிலும் அவர் ஒருவரே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதேநேரம், அப்பாயின்டி என்பவர் இயற்கைக் காப்பாளராகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. யாரை நம்புகிறாரோ அவரைப் பாலிசிதாரர் நியமிக்கலாம்.

தங்கையின் தயக்கம்

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் விஷயத்தைச் சொல்கிறார். தங்கை உடனே தலையாட்டவில்லை.

"நான் பாத்துக்க மாட்டேன்னு சொல்லலண்ணா. நாளைக்கு யாராவது, அத்தைக்காரி பணத்த எடுத்துக்கிட்டான்னு சொன்னா? எங்க வீட்ல அவர்கிட்டயும் கேக்கணும்ல?"

"கேளும்மா. அதுக்குத்தான் முன்னாடியே சொல்றேன். உன்கிட்ட கேக்காம உன் பேர எழுத மாட்டேன்."

இந்தத் தயக்கம் நியாயமானது. பல வீடுகளில் அப்பாயின்டி என்ற பெயரைக் கேட்காமலே எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் படிவங்களில் அப்பாயின்டியின் சம்மதக் கையெழுத்துக்குத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அவருக்கு மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, அந்தப் பணம் அவருடையது இல்லை. அவர் அதைக் குழந்தைக்காக வாங்கி, குழந்தைக்காகப் பாதுகாப்பவர். அவர் வாங்கிய கடனுக்காகவோ, அவர் வீட்டுச் செலவுக்காகவோ அதைத் தொட முடியாது.

இரண்டாவது, அவர் நாமினி இல்லை. பாலிசியில் அவருக்குப் பங்கு எதுவும் வராது.

மூன்றாவது, கணக்கு. வாங்கிய பணம் எங்கே போனது, எதற்குச் செலவானது என்று குழந்தை பெரியவளானதும் கேட்டால் காட்டும் பொறுப்பு அவருக்கு உண்டு. அதைத் தனிக் கணக்கில் வைத்து, ரசீதுகளைச் சேர்த்துவைத்தால், 'அத்தைக்காரி எடுத்துக்கிட்டா' என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் முன்மொழிவுப் படிவத்திலேயே நாமினி, அப்பாயின்டி விவரங்களை நிரப்பிவிடலாம். அது பாண்டிலேயே அச்சாகி வரும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாலிசி என்றால், நாமினியை மாற்றுவதற்கான படிவத்தைக் கிளையில் வாங்கி நிரப்ப வேண்டும். அதோடு ஒரு கடிதத்தையும் இணைத்தால், என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்கும். மாதிரி இது:

> அனுப்புநர்: (பாலிசிதாரரின் பெயர், முகவரி, கைபேசி எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர், (நிறுவனம், கிளை)
>
> பொருள்: பாலிசி எண் ______ – நாமினி மாற்றம், மைனர் நாமினிக்கு அப்பாயின்டி நியமனம்.
>
> ஐயா / அம்மா,
>
> மேற்கண்ட பாலிசி என் ஆயுள் மீது என்னால் எடுக்கப்பட்டது. இதில் நாமினியாக இருந்த என் மனைவி ______, ______ தேதியில் காலமானார். இறப்புச் சான்றிதழ் நகல் இணைத்துள்ளேன்.
>
> அவருக்குப் பதிலாக என் மகள் ______ (பிறந்த தேதி ______) அவர்களை 100 சதவிகிதத்துக்கும் நாமினியாக நியமிக்கிறேன். அவர் மைனர் என்பதால், அவர் 18 வயது அடையும் முன் நான் இறக்க நேர்ந்தால், பாலிசித் தொகையை அவர் சார்பில் பெற்றுக்கொள்ள என் தங்கை ______ (வயது ______, முகவரி ______) அவர்களை அப்பாயின்டியாக நியமிக்கிறேன்.
>
> இதைப் பதிவுசெய்து, பாலிசி ஆவணத்தில் குறிப்பிட்டு, எழுத்துபூர்வ ஒப்புகை தர வேண்டுகிறேன்.
>
> இடம், தேதி – பாலிசிதாரர் கையெழுத்து
>
> அப்பாயின்டியின் சம்மதம்: மேற்கண்ட நியமனத்துக்குச் சம்மதிக்கிறேன். பெறும் தொகை மைனரின் நலனுக்காக மட்டுமே என்பதை அறிவேன். – கையெழுத்து, தேதி
>
> சாட்சி: பெயர், முகவரி, கையெழுத்து

சாட்சியாக அப்பாயின்டியையே போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர் என்று வேறொருவர் போடட்டும்.

இரண்டு குழந்தைகள் இருந்தால், யாருக்கு எத்தனை சதவிகிதம் என்று எழுத வேண்டும். கூட்டினால் 100 வர வேண்டும். மைனராக இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பாயின்டி பெயர் இருக்க வேண்டும். ஒரே நபரை இருவருக்கும் போடலாம்.

பெயரும் பிறந்த தேதியும்

இந்த வேலையில் அதிகம் இழுத்தடிப்பது குழந்தையின் பெயர்தான். பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னால், பிறப்புச் சான்றிதழில் பெயருக்கான கட்டமே காலி. மருத்துவமனையில் பிறந்ததும் பதிவுசெய்து வாங்கிய சான்றிதழில் பெயர் சேர்க்காமலே விட்ட வீடுகள் ஏராளம்.

இங்கே பிறந்த தேதி வெறும் விவரம் இல்லை. அப்பாயின்டியின் அதிகாரம் எந்த நாளில் முடிகிறது என்பதை அந்தத் தேதிதான் தீர்மானிக்கிறது. எனவே, பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியையே பாலிசியிலும் எழுத வேண்டும். சான்றிதழில் பெயர் இல்லையென்றால் முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள். சென்னையில் பிறந்த குழந்தைக்கு மாநகராட்சியில் கேட்க வேண்டும். பெரம்பூர் பகுதி, திரு.வி.க. நகர் மண்டலத்தில் வருகிறது. பிறகு ஆதாரிலும் பாலிசியிலும் அதே எழுத்து, அதே இனிஷியல் இருக்கட்டும்.

பதிவானால்தான் கணக்கு

நம் உதாரணத்தில் கடிதம் தயார். தங்கையும் கணவரிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போது அந்தக் கடிதத்தைப் பாண்டுக்குள் மடித்துப் பீரோவில் வைத்துவிட்டால்?

அதற்குச் சட்ட பலம் இல்லை. பாண்டின் வாசகத்திலேயே இல்லாத நியமனம் செல்ல வேண்டுமானால், அது பாலிசியில் மேற்குறிப்பாக எழுதப்பட்டு, நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்டு, அவர்களின் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்று 39-வது பிரிவு சொல்கிறது. பதிவேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவரிடம் நிறுவனம் நல்லெண்ணத்தோடு பணத்தைக் கொடுத்துவிட்டால், அதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. பிறகு பீரோவிலிருந்து எடுத்துக் காட்டும் கடிதத்தால் நிறுவனத்திடம் மறுபடி கேட்க முடியாது.

அதனால், பாலிசி இருக்கும் கிளையில் படிவம், கடிதம், அசல் பாண்டு, மூவரின் அடையாள நகல்கள் ஆகியவற்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். சிறு கட்டணம் கேட்டால் அதற்கு ரசீது வாங்கிக்கொள்ளலாம். நியமனத்தைப் பதிவுசெய்ததற்கு எழுத்துபூர்வ ஒப்புகை தருவது நிறுவனத்தின் கடமை. கேட்டு வாங்க வேண்டும்.

பதிவாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாண்டு திரும்பி வந்ததும் மேற்குறிப்பைப் படித்துப் பாருங்கள். நாமினி பெயர், பிறந்த தேதி, அப்பாயின்டி பெயர் மூன்றும் இருக்க வேண்டும். நாமினி பெயர் மாறி, அப்பாயின்டி கட்டம் மட்டும் விடுபட்டிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அடுத்த முறை கிளைக்குப் போகும்போது பாலிசி நிலவர அறிக்கையை அச்செடுத்துத் தரச் சொல்லியும் சரிபார்க்கலாம்.

அப்பாயின்டி முன்பே இறந்துவிட்டால்...

தங்கைக்கு ஏதாவது நேர்ந்தால், அவர் கணவரோ பிள்ளைகளோ அந்த இடத்துக்கு வர மாட்டார்கள். இந்தப் பொறுப்பு வாரிசுக்கு இறங்குவது இல்லை. பாலிசிதாரர் உயிரோடு இருக்கும்வரை புதிதாக ஒருவரை நியமித்துப் பதிவுசெய்யலாம். இருவருமே இல்லாத நிலையில், குழந்தையின் சட்டபூர்வ காப்பாளரைத்தான் நிறுவனம் கேட்கும். மறுபடி நீதிமன்ற வாசல்தான்.

அப்பாயின்டி வெளிநாடு போய்விட்டாலும், உறவு முறிந்துவிட்டாலும் இதே வழிதான். பழையவரின் அனுமதி தேவையில்லை. மாற்றும் உரிமை பாலிசிதாரருடையது.

பணம் வந்த பிறகு வங்கியில் வரும் சிக்கல்

மகளுக்கு 12 வயதாக இருக்கும்போது தந்தை இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தங்கை கிளைக்குத் தகவல் சொல்கிறார். இறப்புச் சான்றிதழ், அசல் பாண்டு, கிளைம் படிவம் (எல்.ஐ.சி-யில் இது 3783 எண்ணுள்ள 'ஏ' படிவம்), பணம் பெற்றதற்கான டிஸ்சார்ஜ் படிவம், மகளின் வயதுச் சான்று, தன் அடையாளம், தன் வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கொடுக்கிறார். மகள் சார்பில் கையெழுத்துப் போடுவது அவர். பாலிசி எடுத்தோ, புதுப்பித்தோ மூன்று வருடங்களுக்குள் இறப்பு நேர்ந்திருந்தால், மருத்துவமனை, பணியிட விவரங்களையும் கேட்பார்கள்.

பணம் வந்துவிட்டது. இப்போது அதைக் குழந்தை பெயரில் டெபாசிட் போட வங்கிக்குப் போகிறார். அங்கேதான் பலருக்கும் தெரியாத சிக்கல் வருகிறது. "நீங்க குழந்தைக்கு கார்டியனா?" என்று வங்கி கேட்கும்.

அப்பாயின்டி என்பது காப்பீட்டுச் சட்டம் கொடுத்த பொறுப்பு. அந்தப் பாலிசியின் பணத்தை வாங்குவதோடு அது நின்றுவிடும். வங்கியில் மைனர் கணக்கைக் காப்பாளராகத் திறக்க, இயற்கைக் காப்பாளராகவோ சட்டபூர்வ காப்பாளராகவோ இருக்க வேண்டும். அத்தை இந்த இரண்டும் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. 10 வயது நிரம்பிய குழந்தைகள் தாங்களே சேமிப்புக் கணக்கும் டெபாசிட் கணக்கும் திறந்து இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை என்பதை ஒவ்வொரு வங்கியும் முடிவுசெய்யும். 12 வயது மகளுக்கு இது உதவலாம். 8 வயதுக் குழந்தைக்கு உதவாது.

இதைவிட நல்ல வழியைத் தந்தையே முன்கூட்டிச் செய்துவைக்க முடியும். அது உயில்.

கூடவே ஓர் உயில்

இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-ன் 9-வது பிரிவுப்படி, ஓர் இந்துத் தந்தை தன் மைனர் பிள்ளைக்கு உயில் மூலம் காப்பாளரை நியமிக்கலாம். தாய் உயிரோடு இருந்தால் அந்த நியமனம் உடனே செல்லாது. தாய் இல்லாத குழந்தைக்குச் செல்லும். நம் உதாரணத்தில் தந்தை, 'என் மகளுக்கும் அவள் சொத்துக்கும் என் தங்கையே காப்பாளர்' என்று இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உயில் எழுதிவைத்தால், அப்பாயின்டியும் காப்பாளரும் ஒரே நபர் ஆகிவிடுவார். வங்கியின் கேள்விக்கு அவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். மற்ற மதத்தவர்களுக்குக் காப்பாளர் விதிகள் மாறும் என்பதால், வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்வது நல்லது.

உயிலுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய வழக்கைப் பார்க்க வேண்டும்.

ஜக் மோகன் ஸ்வரூப் என்பவர் 1982-ல் உயில் எழுதாமல் இறந்தார். பாலிசியில் மனைவி உஷா தேவிதான் நாமினி. ஆனால், அவர் தாய் சர்பதி தேவியும் மகனும் தங்கள் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாமினி என்பவர் பணத்தை வாங்க உரிமை பெற்றவர் மட்டுமே, பணம் வாரிசுகள் எல்லோருக்கும் உரியது என்பதே அதன் சாரம்.

2015-ல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால், அவர்கள் வெறும் கை நீட்டி வாங்குபவர்கள் இல்லை, பணத்துக்கே உரிமை உடையவர்கள் என்று 39-வது பிரிவில் புதிய வாசகம் சேர்ந்தது. இதன்படி நம் உதாரணத்தில் 10 லட்சமும் மகளுக்குத்தான்.

ஆனால், 2025-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் வேறுவிதமாகச் சொன்னது. திருமணத்துக்கு முன்பு தாயை நாமினியாகப் போட்ட ஒருவர், மனைவியும் குழந்தையும் வந்த பிறகும் அதை மாற்றாமலே இறந்துவிட்டார். மற்ற வாரிசுகள் பங்கு கேட்டால் வாரிசுரிமைச் சட்டமே மேலோங்கும் என்று கூறி, தாய், மனைவி, குழந்தை மூவருக்கும் சம பங்கு என்றது நீதிமன்றம்.

ஆக, புதிய வாசகத்தை நீதிமன்றங்கள் எல்லாமே ஒரே மாதிரி படிக்கவில்லை. பாலிசியில் நாமினி ஒரு பெயர், உயிலில் வேறு பெயர் என்று இருந்தால் சண்டைக்கு அதுவே போதும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. 'இந்த எண்ணுள்ள பாலிசியின் தொகை முழுவதும் என் மகளுக்கே' என்று உயிலில் ஒரு வரி சேர்த்துவிட்டால், எந்தச் சட்டத்தை எப்படிப் படித்தாலும் பதில் ஒன்றுதான்.

அப்பாயின்டி ஏமாற்றிவிட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குவோம். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி. அப்பாயின்டி பணத்தைத் தனக்கே செலவழித்துவிட்டால், குழந்தையின் நலம் விரும்பும் வேறொருவர் அவள் சார்பில் உரிமையியல் வழக்குப் போடலாம். நம்பிக்கை மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால், காப்பீட்டு நிறுவனத்திடம் மறுபடி பணம் கேட்க முடியாது. அது கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்துவிட்டது. அப்பாயின்டி நியமனத்தின் எல்லை இதுதான்.

இன்னும் பலமான பாதுகாப்பு வேண்டுபவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-ன் 6-வது பிரிவின் கீழ், ஓர் ஆண் தன் மனைவி, பிள்ளைகளின் நலனுக்காக என்று குறிப்பிட்டுப் பாலிசி எடுத்தால், அது ஓர் அறக்கட்டளை போல ஆகிவிடும். கடன் கொடுத்தவர்கள் அதில் கைவைக்க முடியாது. அதற்கு டிரஸ்டியை நியமிக்கலாம். சென்னை மாகாணத்து இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தப் பிரிவு 1914 முதலே பொருந்தியது. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு 1923-ல்தான் வந்தது. நம் ஊருக்கு ஒன்பது வருடங்கள் முன்பே கிடைத்த வசதி இது. ஆனால், பாலிசி எடுக்கும்போதே இதைச் சொல்லி எடுக்க வேண்டும். 2014-ல் எடுத்த சாதாரண பாலிசிக்கு இந்தத் தந்தையால் இனி இதைச் சேர்க்க முடியாது. அவருக்கு அப்பாயின்டி கடிதமும் உயிலும்தான் வழி.

நிறுவனம் இழுத்தடித்தால்...

நியமனத்தைப் பதிவுசெய்யாமலோ, கிளைமைத் தராமலோ இழுத்தடித்தால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. கிளையில் வாங்கிய முத்திரையும் தேதியும் உள்ள நகல் அங்கே முதல் ஆதாரமாக நிற்கும்.

பீரோவைத் திறக்கும்போது...

பாண்டு திரும்பி வந்த மாலை, நம் உதாரணத்துத் தந்தை அதை வாசித்துக் காட்டுகிறார். நாமினி இடத்தில் மகளின் பெயர். அதற்குக் கீழே அப்பாயின்டி, தங்கையின் பெயர். தங்கை ஒரு நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார். அதுவும் முக்கியம். பாண்டு எந்த அலமாரியில், எந்த உறையில் இருக்கிறது என்பது அப்பாயின்டிக்குத் தெரியாவிட்டால், பாலிசி இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

"எல்லாம் சரிண்ணா" என்கிறார் தங்கை. "ஆனா, இந்தப் பேப்பருக்கு வேலையே வரக் கூடாது. அவளுக்குப் பதினெட்டு ஆனதும் நானே இத கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்கவே வேணாம்மா. அன்னிக்கு அதுவா செல்லாமப் போயிடும்" என்கிறார் அண்ணன்.

உங்கள் வீட்டு பாண்டை இன்று எடுத்துப் பாருங்கள். நாமினி உயிரோடு இருக்கிறாரா? மைனர் என்றால் அப்பாயின்டி பெயர் இருக்கிறதா? அந்த அப்பாயின்டிக்கு, தான் அப்பாயின்டி என்பது தெரியுமா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், கிளைக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கிறது.